காற்றுப் புரை மைனஸில் வருகிறது: பிக்னோமீட்டரில் எங்கே தப்பு?

ஈரக்களி எழுதியது:

வணக்கம். இரண்டு நாளாக இந்தக் கணக்கோடு மல்லுக்கட்டுகிறேன், யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

களி அதிகமுள்ள மண். 5 செ.மீ. விட்டம், 5 செ.மீ. உயரம் உள்ள வளையத்தை இறக்கி, கலையாமல் மாதிரி எடுத்தேன். வளையத்தின் கொள்ளளவு 98.17 க.செ.மீ. உள்ளே இருந்த மண் ஈரத்தோடு 178.4 கிராம், 105 டிகிரியில் காயவைத்த பிறகு 139.4 கிராம். அதாவது பரும அடர்த்தி 1.42, கன அளவுப்படி ஈரம் 0.397.

துகள் அடர்த்திக்கு அதே இடத்து மண்ணை நிழலில் உலர்த்தி, 2 மி.மீ. சல்லடையில் சலித்து, 50 மி.லி. பிக்னோமீட்டரில் போட்டேன். எடைகள் இவை:

```
Wa  = 28.412   காலிக் குடுவை
Ws  = 38.655   குடுவை + மண்
Wsw = 84.038   குடுவை + மண் + நீர்
Ww  = 78.264   குடுவை + நீர் மட்டும்
dw  = 0.9962   28 டிகிரியில் நீரின் அடர்த்தி

Dp = dw*(Ws-Wa) / ((Ws-Wa)-(Wsw-Ww))
```

விடை 2.28. இதை வைத்து மொத்தப் புரைமை போட்டால் 0.378 வருகிறது. ஆனால் மண்ணில் இருந்த நீரே 0.397! மொத்த இடத்தைவிட உள்ளே இருக்கும் தண்ணீர் அதிகம். காற்றுப் புரை மைனஸ் 0.019. கணக்கை நாலு தடவை சரிபார்த்துவிட்டேன், கூட்டல் கழித்தலில் பிழை இல்லை.

---

நேர்வழி எழுதியது:

இதற்கு எதற்குக் குடுவை, தராசு எல்லாம்? 2.65 என்று போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருங்கள். குவார்ட்சின் அடர்த்தி அதுதான், மண்ணில் பெரும்பகுதி அதுதான். நான் பார்த்த முக்கால்வாசி அறிக்கைகளில் யாரும் அளப்பதே இல்லை. உங்கள் கணக்கில் 2.65 வைத்தால் புரைமை 0.464, காற்று 0.067. வேலை முடிந்தது.

---

தொட்டிச்செடி எழுதியது:

எனக்கும் இதே மாதிரிதான் ஆனது, ஆனால் தலைகீழாக. மாடியில் தொட்டிகளுக்குத் தென்னைநார்த் தூளும் மக்கிய உரமும் கலந்து ஒரு கலவை வைத்திருக்கிறேன். பரும அடர்த்தி 0.25தான். 2.65 வைத்துக் கணக்கிட்டால் புரைமை 0.906 என்று வருகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் செடிகள் வேரழுகிச் சாகின்றன. மண்ணைக் குடுவையில் போட்டு அளக்கலாம் என்று பார்த்தால் பாதி மிதக்கிறது, மூடியைச் செருகினால் வழிந்து வெளியே வருகிறது. ஈரக்களி, உங்களுக்கும் மிதந்ததா?

---

பழைய_தராசு எழுதியது:

ஈரக்களி, உங்கள் கூட்டல் கழித்தல் சரிதான். எடைகள்தான் உங்களை ஏமாற்றுகின்றன. முதலில் இரண்டு கேள்வி.

ஒன்று, குடுவையில் போட்ட 10.243 கிராம் நிழலில் உலர்ந்த மண். அதில் எவ்வளவு ஈரம் மிச்சம் இருந்தது என்று தனியாக ஒரு மாதிரியை அடுப்பில் வைத்துப் பார்த்தீர்களா? நிழலில் உலர்ந்த களிமண் கைக்குப் பொடிபோல இருக்கும், ஆனால் துகள்மேல் ஒட்டிய நீர் சில சதவீதம் இருந்துகொண்டேதான் இருக்கும். உங்கள் சூத்திரம் அந்த நீரையும் மண் என்று எண்ணிக்கொள்கிறது. ஒரு கிராமுக்கு ஒரு மி.லி. இடம் பிடிக்கும் "மண்". அடர்த்தி இறங்காமல் என்ன செய்யும்?

இரண்டு, மண்ணின்மேல் நீர் ஊற்றிய பிறகு கொதிக்க வைத்தீர்களா, அல்லது வெற்றிடத்தில் வைத்துக் காற்றை இழுத்தீர்களா? வெறுமனே ஊற்றிக் குலுக்கினேன் என்று சொல்லப்போகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நேர்வழி சொன்ன 2.65 இந்த மண்ணுக்குக் கிட்டத்தட்டப் பொருந்தலாம். ஆனால் அளக்காமலே பொருந்தும் என்று எப்படித் தெரியும்? இரும்பு ஆக்சைடு நிறைந்த செம்மண்ணில் துகள் அடர்த்தி அதற்கு மேலே போகும், ஹேமடைட்டே 5-க்கு மேல். மக்கு அதிகமான மண்ணில் கீழே இறங்கும்.

---

ஈரக்களி எழுதியது:

இரண்டுக்கும் பதில் "இல்லை"தான். சரியாகப் பிடித்துவிட்டீர்கள் சார். குலுக்கி, பத்து நிமிடம் வைத்துவிட்டு நிரப்பினேன். மேலே நுரை மாதிரி கொஞ்சம் இருந்தது, டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுத்துவிட்டேன்.

இன்று ஈரம் பார்த்தேன். அடுப்பில் உலர்ந்த எடையைக் கொண்டு கணக்கிட்டால் 3.1 சதவீதம். அப்படியானால் 10.243-இல் உண்மையான மண் 9.935 கிராம்தான். பழைய எடைகளையே வைத்துத் திருத்தினால் 2.28 என்பது 2.38 ஆகிறது. புரைமை 0.403, காற்று 0.006. மைனஸ் போய்விட்டது, ஆனாலும் அரை சதவீதம் காற்று என்றால் நம்பும்படி இல்லை. குழி தோண்டியபோது விரிசல்கள் கண்ணுக்குத் தெரிந்தனவே.

தொட்டிச்செடி, என் மண் மிதக்கவில்லை, அடியில்தான் கிடந்தது.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஒரு சந்தேகம். அடுப்பில் நன்றாகக் காயவைத்த மண்ணையே குடுவையில் போட்டிருந்தால் இந்தத் திருத்தமே வேண்டாமே? ஏன் வேலையைச் சுற்றி வளைக்கிறீர்கள்?

---

பழைய_தராசு எழுதியது:

கணக்குப்பிள்ளை, போடலாம், சிலர் போடுகிறார்கள். ஆனால் அடுப்பில் முறுகிய களி மறுபடி நனைய அடம்பிடிக்கும், கட்டிக்குள் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதுவும் போக, அடுப்பிலிருந்து எடுத்த மண்ணைக் குடுவைக்கு மாற்றி எடை போடுவதற்குள் அது அறைக் காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சத் தொடங்கிவிடும். தராசின் கடைசி இலக்கம் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்திருக்கிறேன். நிழலில் உலர்ந்த மண் அறையோடு சமாதானமாகிவிட்டது, எடை நிலையாக நிற்கும். எனக்கு அந்த வழிதான் பிடிக்கும்.

ஈரக்களி, மிச்சம் இருப்பது காற்று. எவ்வளவு காற்று என்று தோராயமாகப் பார்ப்போம். 9.935 கிராம் மண்ணின் உண்மையான அடர்த்தி 2.6 வாக்கில் இருந்தால், அது பிடிக்கும் இடம் 3.8 மி.லி. உங்கள் எடைகள் சொல்வது 4.2 மி.லி. இடைவெளி 0.4 மி.லி., அவ்வளவுதான். ஒரே குமிழியாக நின்றால் கண்ணுக்குத் தெரியும், ஆனால் ஆயிரம் சிறு கட்டிகளுக்குள் பங்கு போட்டு உட்கார்ந்திருக்கும். ஆனால் மண்ணின் இடமே நாலு மி.லி. என்பதால் அந்த 0.4 பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. இந்த முறையில் நாம் அளப்பது பெரிய எண்களின் சிறிய வித்தியாசம். அதனால்தான் இது இவ்வளவு பொல்லாதது.

இப்படிச் செய்யுங்கள். மண் போட்ட குடுவையில் பாதி வரைக்கும் மட்டும் நீர் ஊற்றுங்கள். கொதிக்கவைத்து ஆறவைத்த வாலைநீர்தான் வேண்டும். மணல் தட்டின்மேல் வைத்து மெல்லக் கொதிக்க விடுங்கள், அடிக்கடி எடுத்துச் சுழற்றுங்கள். பொங்கினால் மண் வெளியே தெறிக்கும், அதனால் அவசரம் கூடாது. பத்து நிமிடம் கொதித்ததும் ஆறவைத்து, அதே வாலைநீரால் நிரப்பி, மூடியைச் செருகி, நுண்துளை வழியாக நீர் எட்டிப் பார்த்ததும் வெளிப்புறத்தைத் துடைத்து எடை போடுங்கள். கழுத்தில் ஒட்டிய மண் துகள் மூடியைச் சரியாக உட்காரவிடாது, அதை முதலிலேயே கழுவி உள்ளே தள்ளிவிடுங்கள்.

---

ஈரக்களி எழுதியது:

செய்தேன். கொதிக்கும்போது பத்து நிமிடமும் அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழி சரம் சரமாக வந்தது. முதல் தடவை இதெல்லாம் உள்ளேயே இருந்திருக்கிறது என்று நினைத்தால் எனக்கே சிரிப்பு.

புதிய Wsw 84.333. துகள் அடர்த்தி 2.56. புரைமை 0.445, காற்று 0.048. இதோடு நிறுத்திக்கொள்ளலாமா?

---

நேர்வழி எழுதியது:

பார்த்தீர்களா, 2.65 பக்கமாகத்தான் வந்துகொண்டிருக்கிறது. இன்னும் இரண்டு நாள் செலவழித்தால் அங்கேயே வந்து நிற்கும் :)

---

பழைய_தராசு எழுதியது:

நிறுத்த வேண்டாம். கொதிக்கவைத்த குடுவையை எவ்வளவு நேரம் ஆறவைத்தீர்கள்? எடை போடும்போது உள்ளே இருந்த நீரின் வெப்பம் என்ன? "தொட்டுப் பார்த்தேன், சூடில்லை" என்பது போதாது.

---

ஈரக்களி எழுதியது:

தொட்டுத்தான் பார்த்தேன் :( இப்போது அதே குடுவையில் வெப்பமானி வைத்தால் 28. அப்போது எவ்வளவு என்று தெரியாது. நாற்பது நிமிடம் ஆறவைத்தேன்.

---

பழைய_தராசு எழுதியது:

அதுதான். 28 டிகிரியில் நீர் 0.9962, 35 டிகிரியில் 0.9940. வித்தியாசம் ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். ஆனால் மண்ணுக்கு மேலே குடுவையில் 46 மி.லி. நீர் நிற்கிறது. அத்தனை நீரும் ஏழு டிகிரி சூடாக இருந்தால் 0.1 கிராம் குறைவாக நிற்கும். சூத்திரத்துக்கு அந்தக் குறைவு "மண் அதிக இடம் பிடித்தது" என்றுதான் படும். உங்கள் Ww 28 டிகிரியில் போட்டது, Wsw எந்த டிகிரி என்று தெரியாது. இரண்டும் ஒரே வெப்பத்தில் இருக்க வேண்டும். எது என்பதுகூட அவ்வளவு முக்கியமில்லை, ஒன்றாக இருப்பதுதான் முக்கியம்.

ராத்திரி முழுக்க அறையிலேயே வைத்துவிட்டு, காலையில் மூடியை எடுத்து, மேலே இறங்கிய மட்டத்தை அறை வெப்ப நீரால் நிரப்பி, உள்ளே 28 என்று உறுதி செய்துகொண்டு எடை போடுங்கள். குடுவையை உள்ளங்கையால் பிடிக்காதீர்கள், கழுத்தை மட்டும் தாளால் பிடியுங்கள். கை வெப்பத்தில் மூடித் துளை வழியாக நீர் கசிவதை நீங்களே பார்க்கலாம்.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? ஈரத்தைத் திருத்தாதது, காற்று, சூடு, மூன்றும் விடையைக் கீழேதான் இழுத்தன. கொதிக்கும்போது மண் தெறித்து வெளியே போனாலும் கீழேதான் வரும். மேலே தள்ளுவது அபூர்வம், குடுவையின் வெளியே துடைக்காமல் விட்ட ஒரு சொட்டு போன்றதுதான். அதனால் மக்கு அதிகமில்லாத ஒரு மண்ணுக்கு 2.5-க்குக் கீழே விடை வந்தால் நான் மண்ணைச் சந்தேகப்படுவதற்கு முன் ஆளைச் சந்தேகப்படுவேன்.

---

வாயுக்குடுவை எழுதியது:

இந்தத் தொல்லை எதுவும் இல்லாமல் ஹீலியம் பிக்னோமீட்டரில் பத்து நிமிடத்தில் முடியும். கொதிப்பது, ஆற்றுவது, நுரை எதுவும் கிடையாது. இன்னொன்று, களித் துகளின் மேற்பரப்பில் ஒட்டும் நீர் சாதாரண நீரைவிட நெருக்கமாக அடுக்கியிருக்கும் என்பார்கள். அப்படியானால் நீரில் அளக்கும் துகள் அடர்த்தி களிமண்ணில் கொஞ்சம் கூடுதலாகத்தான் வரும். அதனால்தான் மண்ணெண்ணெய் போன்ற திரவங்களில் அளப்பவர்களும் இருக்கிறார்கள்.

---

பழைய_தராசு எழுதியது:

கருவி இருப்பவர்களுக்கு நல்லது. ஆனால் அதில் மாதிரி எலும்புபோல் உலர்ந்திருக்க வேண்டும், ஈரம் இருந்தால் ஆவி அழுத்தம் அளவைக் கெடுக்கும். நீங்கள் சொல்லும் மேற்பரப்பு நீர் விஷயம் உண்மையாகவே இருந்தாலும் இவரிடம் இப்போது இருக்கும் பிழைக்கு முன்னால் அது கொசு. முதலில் யானையை வெளியேற்றுவோம்.

---

வாயுக்குடுவை எழுதியது:

கொசு என்று ஒதுக்குவதை ஏற்கவில்லை. விரியும் களி பாதிக்கு மேல் இருந்தால் மூன்றாவது இலக்கத்தைத் தாண்டி இரண்டாவது இலக்கத்துக்கே வரும். சரி, இதைத் தனி இழையில் பேசலாம்.

---

ஈரக்களி எழுதியது:

ராத்திரி வைத்து, காலையில் 28 டிகிரியில் போட்டேன். Wsw 84.436.

```
மண்        = 38.347 - 28.412 = 9.935
Wsw - Ww   = 84.436 - 78.264 = 6.172
இடம்பெயர்ந்த நீர் = 9.935 - 6.172 = 3.763
Dp = 0.9962 * 9.935 / 3.763 = 2.63
```

(Ws-ஐ 38.655-இலிருந்து 38.347 ஆகத் திருத்திவிட்டேன், ஈரம் கழித்து.) இன்னொரு தடவை கொதிக்கவைத்து அதே மாதிரி ஆற்றிப் போட்டேன், 84.438. எடை மேலே ஏறவில்லை, அதனால் உள்ளே காற்று மிச்சமில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

புரைமை 0.460. ஈரம் 0.397. காற்று 0.063. அதே மண், அதே வளையம், துகள் அடர்த்தி மட்டும் 2.28-இலிருந்து 2.63 ஆனதில் காற்று மைனஸ் இரண்டிலிருந்து ஆறு சதவீதத்துக்கு வந்திருக்கிறது.

---

நேர்வழி எழுதியது:

சொன்னேனே. நான் முதல் நாளே 0.067 என்று போட்டேன் :)

---

பழைய_தராசு எழுதியது:

இந்த மண்ணில் நீங்கள் சொன்னது சரிதான், ஒத்துக்கொள்கிறேன். தொட்டிச்செடியின் தொட்டியில் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

தொட்டிச்செடி, உங்கள் கலவையில் எவ்வளவு கரிமப் பொருள்? ஒரு பங்கை எரித்து, சாம்பலை எடை போட்டால் தெரியும். கரிமப் பொருளுக்கு 1.55, சாம்பல் பங்குக்கு 2.65 என்று வைத்துக் கணக்கிடுவது தொட்டிக் கலவைகளில் வழக்கம். கலவையில் எடைப்படி 70 சதவீதம் கரிமம் என்று வைத்துக்கொள்வோம்:

```
Dp = 1 / (0.70/1.55 + 0.30/2.65) = 1.77
```

பரும அடர்த்தி 0.25 என்றால் புரைமை 0.906 இல்லை, 0.859. கிட்டத்தட்ட ஐந்து சதவீதம் காணாமல் போகிறது, அது முழுக்கக் காற்றின் கணக்கிலிருந்துதான் போகும். ஆனால் உங்கள் வேரழுகலுக்கு இது காரணம் என்று சொல்லமாட்டேன். தொட்டியின் அடியில் ஒரு நீர்ப்படலம் தேங்கி நிற்கும், ஆழம் குறைந்த தொட்டியில் அது பெரும்பகுதியாகிவிடும். அதற்குக் குடுவை தேவையில்லை. தொட்டியின் துளையை அடைத்து, நீரில் முழுக்க ஊறவிட்டு, துளையைத் திறந்து வடியும் நீரை அளங்கள். வடிந்த நீரின் அளவைக் கலவையின் கன அளவால் வகுத்தால் வடிந்த பிறகு எவ்வளவு காற்று இருக்கிறது என்று நேரடியாகவே தெரிந்துவிடும்.

மிதப்பதற்கு, கொதிக்கவைக்காமல் வெற்றிடத்தில் வைத்துக் காற்றை இழுத்துப் பாருங்கள். நனையாமல் மிதந்தால் எத்தனால் போன்ற திரவம் வேண்டும். அப்போது சூத்திரத்தில் அந்தத் திரவத்தின் அடர்த்தியைப் போட மறந்துவிடாதீர்கள்.

---

தொட்டிச்செடி எழுதியது:

எரிப்பதற்கு உலை இல்லை, வடித்து அளப்பதைச் செய்து பார்க்கிறேன். அடியில் தேங்கும் என்பது புதுச் செய்தி. நான் இத்தனை நாளாகத் தட்டையான தொட்டிகள்தான் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

இப்போது நான் உபயோகமாக ஒன்று சொல்கிறேன். புரைமையைத் தனியாக, ஈரத்தைத் தனியாகப் போடாமல் இரண்டையும் ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். `w` எடைப்படி ஈரம், உங்களுக்கு 0.28.

```
காற்று = 1 - Db*(1/Dp + w)
```

ஈரத்தைக் கன அளவுக்கு மாற்றும்போதும் பரும அடர்த்தியால்தான் பெருக்குகிறோம். அதனால் பரும அடர்த்தி கொஞ்சம் தப்பினால் இரண்டு பக்கமும் ஒரே திசையில் அடி விழுகிறது. உங்கள் 1.42 எத்தனை வளையத்தின் சராசரி?

---

ஈரக்களி எழுதியது:

மூன்று வளையம் எடுத்தேன். 1.38, 1.42, 1.47. நடுவிலுள்ளதைத்தான் இங்கே போட்டேன். இப்போது உங்கள் வரியில் போட்டுப் பார்த்தால் (ஈரம் 0.28 என்றே வைத்து) காற்று 0.089, 0.063, 0.029! குடுவையோடு நாலு நாள் போராடியதெல்லாம் எதற்கு?

வேருக்குக் காற்றுப் புரை 10 சதவீதமாவது வேண்டும் என்பார்கள். இதில் எந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு "காற்று போதவில்லை" என்று எழுதுவது?

---

பழைய_தராசு எழுதியது:

பத்து சதவீதம் என்பது ஒரு கைக்கணக்கு. மண்ணுக்கு மண், பயிருக்குப் பயிர் மாறும். அதோடு எந்த ஈரநிலையில் என்று சொல்லாமல் அதைச் சொல்வதில் அர்த்தம் இல்லை. மழை பெய்த எத்தனையாவது நாள் எடுத்தீர்கள்? உங்கள் மூன்று எண்ணும் பத்துக்குக் கீழேதான் இருக்கின்றன என்பதை எழுதலாம், ஆனால் "எப்போது" என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

குடுவை வீணில்லை. துகள் அடர்த்தி 2.28 என்று விட்டிருந்தால் 1.47 வளையத்தில் காற்று மைனஸ் ஐந்துக்குக் கீழே போயிருக்கும்.

இப்போது வளையத்துக்கு வருவோம். களியில் வளையத்தை எப்படி இறக்கினீர்கள்? சுத்தியலால் அடித்தீர்களா?

---

ஈரக்களி எழுதியது:

மழை நின்ற இரண்டாம் நாள். ஆமாம், மேலே பலகை வைத்து ரப்பர் சுத்தியலால் அடித்தேன். மூன்றாவது வளையம் கடினமாக இருந்தது, அதை நிறைய அடிக்க வேண்டியிருந்தது.

---

பழைய_தராசு எழுதியது:

1.47 அந்த மூன்றாவது வளையம்தானே? அடுத்த முறை வளையத்தைத் தோண்டி எடுப்பதற்கு முன் குனிந்து பாருங்கள். வளையத்துக்கு உள்ளே மண்ணின் மட்டம் வெளி மட்டத்தைவிட இறங்கியிருந்தால் அடியில் அமுங்கியிருக்கிறது, அந்த மாதிரியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

---

வாயுக்குடுவை எழுதியது:

இறங்காமலும் அமுங்கலாம். சுவரோரம் உராய்வில் கசங்கியிருக்கும், நடுவில் மட்டம் அப்படியே இருக்கும். களியில் இன்னும் அகலமான வளையம்தான் வழி.

---

ஈரக்களி எழுதியது:

1.47 மூன்றாவதுதான். உள்ளே மட்டம் பார்க்கவில்லை. குழி இன்னும் மூடவில்லை, நாளைக்குப் போய் இன்னும் நாலைந்து எடுக்கிறேன், இந்தத் தடவை அடிக்காமல் அழுத்தி. 7 செ.மீ. வளையம் ஒன்று கிடக்கிறது, அதையும் கொண்டுபோகிறேன். ஆனால் இதற்குள் மழை நின்று ஒரு வாரம் ஆகிவிட்டது, ஈரம் பழையபடி இருக்காதே. பழைய 0.28-ஐப் புதிய பரும அடர்த்தியோடு சேர்க்கலாமா?

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

கூடாது. விரியும் களி என்றால் காய்ந்ததும் சுருங்கியிருக்கும், பரும அடர்த்தியே வேறாக இருக்கும். ஈரம் அன்றைக்கு, வளையம் இன்றைக்கு என்றால் மறுபடி மைனஸ் பார்ப்பீர்கள். குழிக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடத்தை நனைத்து, சாக்கைப் போட்டு மூடிவைத்து, இரண்டு நாள் கழித்து எடுங்களேன்.